கமகம் ‘ஆர்னமென்ட்’ தானா? அயல்நாட்டு மாணவருக்குக் கலைச்சொல்லை விளக்குவது பற்றி

இந்திய இசையையோ நடனத்தையோ கற்க வரும் அயல்நாட்டவரின் கையில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சொற்பட்டியல்தான். நிகழ்ச்சிக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலோ தொடக்கநிலைப் பாடநூலின் பின்னிணைப்பிலோ அது இருக்கும். இடப்பக்கம் ராகம், தாளம், கமகம், அபிநயம். வலப்பக்கம் ஸ்கேல், ரிதம், ஆர்னமென்ட், மைம். ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல். பார்த்தவுடன் புரிந்துவிட்டது என்ற நிறைவு மாணவருக்கும், சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்ற நிறைவு ஆசிரியருக்கும் கிடைக்கிறது.

இந்தப் பட்டியல்களில் உள்ள ஆங்கிலச் சொற்கள் துல்லியமற்றவை என்ற குறை பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனால் துல்லியக்குறைவு மட்டும் என்றால் போகப்போகச் சரியாகிவிடும். உண்மையான சிக்கல் வேறு. வலப்பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு சொல்லும் தன் சொந்த இசை மரபிலிருந்து ஒரு கட்டளையைச் சுமந்து வருகிறது. மாணவர் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே பயிற்சி செய்கிறார். அவர் செய்யும் பிழை கவனக்குறைவால் நேர்வதன்று. சொல்லை நன்றாகப் புரிந்துகொண்டதால் நேர்வது.

சொல்லின் மதிப்பு அதைச் சூழ்ந்துள்ள பிற சொற்களால் தீர்மானிக்கப்படுகிறது என்பது சசூரின் வழியே மொழியியல் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. பிரெஞ்சு ‘மூத்தோன்’ ஆட்டையும் ஆட்டிறைச்சியையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்தில் இறைச்சிக்குத் தனிச்சொல் இருப்பதால் ‘ஷீப்’ என்பதன் எல்லை சுருங்கிவிடுகிறது. கலைச்சொற்களில் இந்த எல்லை வேறுபாடு அகராதியோடு நிற்பதில்லை. அது விரலுக்கும் குரலுக்கும் இறங்கிவிடுகிறது. இதற்குக் கமகத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஐரோப்பிய மரபில் பத்து ஆண்டுகள் வயலின் பயின்ற ஒரு மாணவி கருநாடக இசைக்கு வருகிறாள் என்று கொள்ளலாம். அவள் மரபில் ‘ஆர்னமென்ட்’ என்றால் என்ன? ஒரு முதன்மை ஸ்வரம் இருக்கிறது. அதன்மேல் சிறு குறியாகவோ சிறு எழுத்தாகவோ எழுதப்படும் அணி இருக்கிறது. அணியை நீக்கினாலும் மெட்டு நிற்கும். புதிய பாடம் ஒன்றை எடுத்தால் முதலில் அணிகளை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வாசித்துப் பழகு, பிறகு அணிகளைச் சேர் என்பது அங்கே நல்லாசிரியர்கள் பலர் சொல்லும் அறிவுரை. ‘கமகம் என்றால் ஆர்னமென்ட்’ என்று படித்த மாணவி இதையேதான் செய்வாள்.

அவளுக்குத் தோடி தரப்படுகிறது. ஸ்வரங்களைப் பார்க்கிறாள்: ஷட்ஜம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். இவை அவளுக்குப் பழக்கமான ‘ஃப்ரிஜியன்’ முறையின் ஏழு இடங்களே. கமகங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றையும் நேராக, சுத்தமாக நிறுத்தி வாசிக்கிறாள். சுருதி பிசகவில்லை, விரல் தடுமாறவில்லை. ஆனால் கேட்கும் ஆசிரியரின் காதில் தோடி விழவில்லை. விழுவது பெரும்பாலும் இந்துஸ்தானி பைரவியின் சாயல். ஏனெனில் ஏறத்தாழ இதே ஸ்வர இடங்களைக் கொண்ட அந்த ராகத்தில் காந்தாரம் அசையாமல் நிற்க இடமுண்டு.

தோடியின் காந்தாரத்தை ஒரு தேர்ந்த பாடகர் நீட்டிப் பாடும்போது நடப்பதைக் கூர்ந்து கேட்டால் காரணம் விளங்கும். குரல் காந்தாரத்தின் இடத்தில் போய் நின்று, பிறகு அங்கே அணி செய்துகொள்வதில்லை. கீழே ரிஷபத்தின் பக்கமும் மேலே மத்யமத்தின் பக்கமுமாக அது ஆடுகிறது. அந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே உள்ள தூரம் நான்கு அரைச்சுர அளவு. பியானோவில் காந்தாரத்துக்கு உரிய கட்டை எதுவோ, அந்த இடத்தைக் குரல் திரும்பத் திரும்பக் கடந்து செல்கிறது, அங்கே குடியிருப்பதில்லை. ஆனாலும் பாடுபவரும் கேட்பவரும் அந்த ஆட்டம் முழுவதையும் ‘கா’ என்ற ஒற்றை ஸ்வரமாகவே உணர்கிறார்கள். அதாவது இங்கே அசைவைத் தாங்கும் ஸ்வரம் என்று தனியாக ஒன்றும் இல்லை. அசைவுதான் ஸ்வரம். அதை நீக்கினால் எஞ்சுவது எளிமையாக்கப்பட்ட தோடி அன்று, வேறொன்று.

ஆசிரியர் ‘கமகம் சேர்த்து வாசி’ என்று சொன்னதும் மாணவியின் இரண்டாவது பிழை நிகழ்கிறது. அவள் கை ஏற்கெனவே அறிந்த அசைவு ‘விப்ராட்டோ’. பயிற்சி பெற்ற மேலைப் பாடகரின் குரலில் அது நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 முறை நிகழும் நுண்ணிய நடுக்கம். அதன் அகலம் நான்கு அரைச்சுரத்தின் அருகில்கூட வராது. தாளத்தோடு அதற்கு உறவும் இல்லை. தோடியின் காந்தார அசைவோ அகன்றது, மெதுவானது, பாட்டின் காலப்பிரிவை ஒட்டி நடப்பது. விளம்ப காலத்தில் பலமுறை ஆடும் காந்தாரம், விரைந்த பிடிகளில் ஒரே ஓர் எழுச்சியாகச் சுருங்கிவிடும். ‘ஆர்னமென்ட்’ என்ற சொல் இதில் எதையும் அவளுக்குச் சொல்லவில்லை. ஏற்கெனவே கையில் உள்ள அணிகளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னது.

மூன்றாவதாக ஒரு பிழையும் உண்டு. அது முந்தைய இரண்டையும் திருத்த முயலும்போது வருவது. கமகமே உயிர் என்று கேள்விப்பட்ட மாணவி எல்லா ஸ்வரங்களையும் அசைக்கத் தொடங்குகிறாள். ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாது நிற்பவை என்பதும், சங்கராபரணத்தின் காந்தாரம் நேராக நிற்கவல்லது என்பதும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. எங்கே அசைவு ஸ்வரத்தின் உடம்பு, எங்கே அது விருப்பத்துக்கு உரியது, எங்கே அது கூடாது என்ற மூன்றையும் ராகம்தான் தீர்மானிக்கிறது. ஒற்றைச் சொல்லில் இந்த மூன்றுக்கும் இடமில்லை.

போதாக்குறைக்குப் பட்டியலில் ‘அலங்காரம்’ என்று இன்னொரு சொல்லும் இருக்கும். தொடக்கநிலையில் ஏழு தாளங்களிலும் பாடப்படும் ஸ்வர வரிசைகளுக்கு அதுவே பெயர். அதன் நேர்ப்பொருளைப் பார்த்து அதற்கும் ‘ஆர்னமென்ட்’ என்றே எழுதிவிடுவதுண்டு. ஒரு பயிற்சி வரிசையும் ஓர் அசைவு முறையும் ஒரே பெயரில் நின்றால் மாணவி எதைப் பற்றிக் கேள்வி கேட்பது என்பதே குழப்பமாகிவிடுகிறது.

சரி, வேறு எப்படிச் சொல்வது? விந்தை என்னவென்றால் விடை இந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் அமைத்து ஸ்வரங்களோடு அச்சிட்டார். குறிகளை மட்டும் தந்துவிட்டு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு கமகமும் எப்படிப் பிறக்கிறது என்பதை முன்பகுதியில் உரைநடையில் விளக்கினார். கம்பிதம் என்றால் வீணையில் ஸ்வர இடத்தில் விரலை வைத்து, மீட்டி, தந்தியை அசைப்பது என்பது அவர் விளக்கத்தின் போக்கு. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் தரும் முறையை அவர் நாடவில்லை. கை என்ன செய்கிறது என்று சொன்னார். ஆங்கிலத்தில் எழுதுபவர் பின்பற்றத்தக்க முன்மாதிரி இதுவே.

அம்முறையில் ஆங்கிலத்தில் எழுதப்படும் விளக்கம் இவ்வளவு நீளமிருந்தால் போதும்: கமகம் என்பது ஒரு ஸ்வரத்தை அதன் அண்டை ஸ்வரங்களை நோக்கி அசைத்தோ, வழுக்கியோ, அழுத்தியோ ஒலிக்கும் முறை. சில இடங்களில் அதை விட்டால் அழகு குறையும். சில இடங்களில் அதை விட்டால் ராகமே மாறிவிடும். ஆகவே ஸ்வரத்தை முதலில் நேராகப் பழகிப் பிறகு கமகத்தைச் சேர்க்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாகவே கேட்டுப் பழகவும். தோடியின் காந்தாரத்தையும் சங்கராபரணத்தின் காந்தாரத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெரியும்.

நான்கே பகுதிகள். செயல் என்ன, அது இல்லையென்றால் என்ன ஆகும், பழக்கமான எந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும், எங்கே கேட்டுச் சரிபார்க்கலாம். மூன்றாவது பகுதி மிக முக்கியமானது. அயல்நாட்டு மாணவர் வெற்றுப்பலகையாக வருவதில்லை. அவரிடம் முன்பே ஓர் இசை இருக்கிறது. அந்த இசையோடு விளக்கம் பேசவில்லை என்றால், அந்த இசையே விளக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வட இந்தியத் தாளச் சொற்களில் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. தீன்தாலில் 16 மாத்திரைகள், நான்கு நான்காக நான்கு பகுதிகள். 1, 5, 13 ஆகிய மாத்திரைகளில் கைதட்டு. 9ஆம் மாத்திரையில் கையை வீசிக் காட்டுதல். அந்த 9ஆம் இடத்தின் பெயர் ‘காலி’. பட்டியலில் அதற்கு எதிரே ‘எம்ப்டி’ என்றிருக்கும். சொல்லுக்குச் சொல் அது பிழையன்று. ஆனால் மேலை இசை பயின்றவருக்குக் காலத்தில் வெறுமை என்றால் ‘ரெஸ்ட்’, அதாவது ஓசை நிற்கும் இடம். அவர் அங்கே வாசிப்பை நிறுத்துகிறார், அல்லது தளர்த்துகிறார்.

உண்மையில் காலியில் யாரும் நிற்பதில்லை. குரல் தொடர்கிறது, சித்தார் தொடர்கிறது, தபலாவும் தொடர்கிறது. மாறுவது தபலாவின் நிறம். இடக்கையில் உள்ள பாயாவின் ஆழ்ந்த கார்வை அந்தப் பகுதியில் விலகிக்கொள்கிறது. ‘தின்’ என்று கனத்து ஒலித்த சொல் கனமின்றி மெலிந்து ஒலிக்கிறது. கார்வை திரும்பி வரும்போது சுற்றின் தலைப்பான ‘சம்’ நெருங்கிவிட்டது என்று பாடுபவருக்குத் தெரிகிறது. மிக மெதுவான காலத்தில், எண்ணிக்கொண்டிராமலே சுற்றில் தாம் இருக்கும் இடத்தை அறியப் பாடகருக்கு உதவும் அடையாளம் இது. வெறுமையானது இடக்கைக் கார்வை மட்டுமே, காலம் வெறுமையாகவில்லை. இதைச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் போதும். ‘எம்ப்டி’ என்ற ஒரு சொல் போதாது.

இப்பட்டியலில் ‘சம்’ என்பதற்கு எதிரே ‘டவுன்பீட்’ என்றும், சில இடங்களில் ‘வலுவான முதல் அடி’ என்ற பொருளிலும் எழுதியிருப்பார்கள். மாணவர் இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படித்தால், சம் வலியது, காலி மெலியது, இரண்டும் எதிரெதிர் என்ற முடிவுக்கு வருவார். பிறகு ஒரு நாள் ஏழு மாத்திரை கொண்ட ரூபக் தாலைச் சந்திப்பார். அதில் முதல் மாத்திரையே காலி. சமும் காலியும் ஒரே இடத்தில் விழுகின்றன. வலிய அடி எப்படி வெறுமையாக இருக்கும் என்று அவர் திகைப்பார். திகைப்புக்குக் காரணம் ரூபக் தால் அன்று, இரண்டு ஒற்றைச் சொற்கள். சம் என்பது சுற்று தொடங்கும், மீண்டும் வந்து சேரும் இடம் என்றும், காலி என்பது கைவீச்சாலும் மெலிந்த ஒலியாலும் குறிக்கப்படும் இடம் என்றும் முதலிலேயே சொல்லியிருந்தால், இரண்டும் ஓரிடத்தில் கூடுவதில் முரண் ஏதும் இல்லை.

நடனத்துக்கு வந்தால் ஒற்றைச் சொல்லின் தீங்கு கண்ணால் காணக்கூடியதாகிவிடுகிறது. ‘அபிநய தர்ப்பணம்’ கூறும் 28 ஒற்றைக்கை முத்திரைகளில் முதலாவது பதாகம். விரல்கள் சேர்ந்து நீண்டிருக்க, கட்டைவிரல் மடிந்து ஒட்டியிருக்கும். பதாகம் என்றால் கொடி. பட்டியலும் ‘ஃப்ளாக்’ என்கிறது. மாணவர் இதைப் படித்ததும் ஒவ்வொரு முத்திரையும் ஒரு சொல், நடனம் என்பது கையால் பேசும் ஒரு மொழி, அகராதியை மனப்பாடம் செய்துவிட்டால் பதம் புரிந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறார்.

அந்த நூலிலேயே பதாகத்தின் பயன்பாடுகளாக நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. நடனத்தின் தொடக்கம், மேகம், காடு, ஒரு பொருளை மறுத்தல், இரவு, ஆறு, குதிரை, வெட்டுதல், காற்று என்று அது நீள்கிறது. இவற்றுக்குப் பொதுவான பொருள் ஏதும் இல்லை. கை எந்த உயரத்தில் நிற்கிறது, எத்திசையில் நகர்கிறது, கண் அதைத் தொடர்கிறதா, பாடப்படும் வரி என்ன என்பவை சேர்ந்துதான் அது ஆறா, காற்றா, மறுப்பா என்று முடிவு செய்கின்றன. மொழியியல் நோக்கில் சொன்னால் பதாகத்தைச் சொல்லோடு ஒப்பிடுவதைவிட எழுத்தோடு ஒப்பிடுவது பொருத்தம். தனித்து நிற்கும்போது அதற்குப் பெயர் மட்டும் உண்டு. சேர்க்கையில்தான் பொருள் பிறக்கிறது. ‘கொடி’ என்பது அந்த எழுத்தின் பெயர். அதைப் பொருளாகத் தருவது, ‘ம’ என்ற எழுத்துக்கு ‘மரம்’ என்று பொருள் எழுதுவதைப் போன்றது.

பெயர்களும்கூட இந்தியாவுக்குள்ளேயே இடம்மாறிவிடுகின்றன. கதகளி பின்பற்றும் ‘ஹஸ்தலக்ஷண தீபிகா’ 24 முத்திரைகளைக் கூறுகிறது. அங்கேயும் பதாகம் உண்டு. ஆனால் அதில் மோதிரவிரல் மடிந்திருக்கும். பரதநாட்டியம் பயின்ற கண்ணுக்கு அது திரிபதாகமாகத் தெரியும். சென்னையில் ஓராண்டு பயின்றுவிட்டுக் கேரளத்துக்குச் செல்லும் மாணவர் ‘பதாகம் – ஃப்ளாக்’ என்ற குறிப்பை மட்டும் கொண்டு சென்றால், தன் கை ஏன் திருத்தப்படுகிறது என்பதை அறியமாட்டார். விரல்களின் நிலையையும் நூலின் பெயரையும் குறித்துக்கொண்டு சென்றால் அறிவார். தோடியிலும் இதுவே. வடக்கே தோடி எனப்படுவதன் ஸ்வரங்கள் தெற்கின் சுபபந்துவராளிக்கு உரியவை. பெயர் ஒன்றாக இருப்பதே இங்கே பொறி.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். ஆங்கிலச் சொல்லே வேண்டாம், கமகம் என்பதைக் கமகம் என்றும் காலி என்பதைக் காலி என்றும் அப்படியே வைத்துவிடலாமே என்று கேட்கப்படும். மூலச்சொல்லை வைத்துக்கொள்வது சரிதான். ஆனால் அது விளக்கம் ஆகாது. விளக்கமில்லாத சொல்லை மாணவர் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை மனத்துக்குள் அதன் எதிரே எழுதிக்கொள்கிறார். அச்சிடப்படாத அந்தப் பட்டியலை ஆசிரியரால் திருத்தவும் முடியாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. இக்கலைகள் குருவின் அருகே அமர்ந்து கேட்டும் பார்த்தும் கற்கப்படுபவை. விளக்கம் எதற்கு என்பது அது. காதால் கற்பதே முதன்மை என்பதில் ஐயமில்லை. தோடியின் காந்தாரத்தை எந்த வாக்கியமும் கற்றுத்தந்துவிடாது. ஆனால் மாணவர் குருவின் எதிரே அமர்ந்திருப்பது வாரத்தில் சில மணி நேரம்; மற்ற நேரமெல்லாம் தனியே பயில்கிறார். தனியே பயிலும்போது எதைக் கேட்க வேண்டும், எதைப் பிழை என்று கொள்ள வேண்டும் என்பதை அவர் மனத்தில் உள்ள சொற்கள்தாம் வழிநடத்துகின்றன. அசைவை அணி என்று எண்ணுபவர், குருவின் பதிவைக் கேட்கும்போதும் அணிக்கு அடியில் உள்ள ‘நேர் ஸ்வரத்தை’த் தேடிக்கொண்டிருப்பார். காது வேலை செய்யும். தவறான இடத்தில் வேலை செய்யும்.

ஆங்கிலத்தில் நல்ல விளக்கம் இயலாதது என்றும் சொல்ல முடியாது. வில்லியம் ஜோன்ஸ் 1784இல் எழுதி 1792இல் வெளியான தம் கட்டுரையில் ராகத்தைக் குறிக்க ‘மோட்’ என்ற சொல்லை எடுத்தாண்டார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, 1980இல் வெளிவந்த குரோவ் இசை அகராதியில் ஹெரால்ட் பவர்ஸ் அதே ‘மோட்’ என்ற சொல்லை விளக்கும்போது, ஒருபுறம் பொதுவான ஸ்கேலும் மறுபுறம் குறிப்பிட்ட மெட்டும் இருக்க, இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் ராகம் போன்றவை நிற்கின்றன என்று காட்டினார். சொல் மாறவில்லை, சொல்லைச் சுற்றி ஒரு வாக்கியம் எழுப்பப்பட்டது. அந்த ஒரு வாக்கியம் ‘ராகம் – ஸ்கேல்’ என்ற வரியால் தர முடியாததைத் தந்துவிடுகிறது: ஸ்கேலைவிட ராகத்தில் கூடுதலாக ஏதோ இருக்கிறது, ஆனால் அது இன்னும் ஒரு பாட்டாக ஆகிவிடவில்லை.

ஆகவே கையேடு தயாரிப்பவர்களும் பாடநூல் எழுதுபவர்களும் முதலில் செய்யத்தக்கது எளிது. பட்டியலில் உள்ள நூறு சொற்களையும் விரித்தெழுத வேண்டியதில்லை. தம்பூரா, தபலா போன்ற பொருட்பெயர்களுக்கு ஒரு வரி போதும். மாணவரின் பழைய பயிற்சி குறுக்கிடக்கூடிய சொற்கள் பதினைந்தோ இருபதோதான் இருக்கும்: ராகம், கமகம், ஸ்வரம், சம், காலி, நடை, காலம், அபிநயம், ஹஸ்தம் போன்றவை. அவற்றுக்கு மட்டும் நான்கு வாக்கியங்கள் வீதம் எழுதினால் இரண்டு பக்கங்களோ மூன்று பக்கங்களோ ஆகும்.

விளக்கம் சரியாக அமைந்ததா என்று சோதிக்க ஒரு வழியும் உண்டு. அதைப் படித்த மாணவர் அடுத்து என்ன செய்வார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ‘காலி என்றால் எம்ப்டி’ என்று படித்தவர் நிறுத்துவார். இடக்கைக் கார்வை விலகும் இடம் என்று படித்தவர் தபலாவின் இடக்கையைக் கவனிக்கத் தொடங்குவார்.